அடுப்பில் அல்ல, ஆறும்போதுதான் ஆபத்து

சிறு அடுமனைகளுக்கு உணவுப் பாதுகாப்புத் திட்டம் எழுதிக் கொடுப்பது என் வேலை. 'ஹாசப்' என்று தொழிலில் சொல்லப்படும் அந்தத் திட்டத்தின் சாரம் எளிது. எங்கே என்ன ஆபத்து வரலாம் என்று பட்டியலிட வேண்டும். அவற்றுள் எந்த இடத்தில் கோட்டை விட்டால் பிறகு சரிசெய்ய வழியே இல்லையோ, அதை முக்கியக் கட்டுப்பாட்டுப் புள்ளி என்று குறித்து, அங்கே அளந்து எழுதி வைக்க வேண்டும்.

கிள்ளானில் அண்மையில் ஓர் அடுமனைக்குப் போயிருந்தேன். ரொட்டி, கேக், கஸ்டர்டு அடைத்த கிரீம் பஃப் ஆகியவை அங்கே விற்பனையாகின்றன. கடையை நடத்தும் அக்கா, "தம்பி, எங்க அவனுதான் முக்கியம். அதுல எல்லா கிருமியும் செத்துடும்" என்றார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. வெந்த ரொட்டியின் நடுப்பகுதி 90 பாகை செல்சியஸைத் தாண்டும். மாவிலும் முட்டையிலும் வரக்கூடிய சால்மொனெல்லா அதில் பிழைக்காது. வேகாத ரொட்டி ஈரமாக, பிசுபிசுப்பாக இருக்கும். அதை யாரும் விற்க மாட்டார்கள். பஃப் ஓடும் அப்படித்தான். ஆனால் அதற்குள் போகும் கஸ்டர்டு அந்த அவனுக்குள் போவதே இல்லை.

கஸ்டர்டைப் பாலும் முட்டையும் சோளமாவும் சேர்த்துக் கொதிக்க வைக்கிறார்கள். சால்மொனெல்லா அதில் அழிந்துவிடும். பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் மட்டும் கொதித்த பிறகும் பிழைத்திருக்கும். கஸ்டர்டு 60 பாகைக்குக் கீழே இறங்கி, 5 பாகைக்கு மேலே இருக்கும் நேரம் முழுவதும் அவை முளைத்துப் பெருகலாம். கைவழியாக வந்து சேரும் ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமியும் அங்கே வளரும். அது சுரக்கும் நஞ்சு மீண்டும் கொதிக்க வைத்தாலும் அழியாது. நிறத்திலோ மணத்திலோ தெரியவும் தெரியாது. ஆகவே இந்தக் கடையில் கஸ்டர்டு ஆறும் நேரத்தையே முக்கியக் கட்டுப்பாட்டுப் புள்ளியாகக் குறித்தேன்.

எல்லையை இப்படி வகுத்தோம்: 60 பாகையிலிருந்து 21 பாகைக்கு இரண்டு மணி நேரத்துக்குள், அங்கிருந்து 5 பாகைக்கு அடுத்த நான்கு மணி நேரத்துக்குள். முதல் கட்டத்துக்குக் குறைந்த நேரம் தருவதற்குக் காரணம், அந்தச் சூட்டில்தான் கிருமி வேகமாகப் பெருகும்.

அக்கா பத்து லிட்டர் கஸ்டர்டை ஆழமான வாளியில் ஊற்றி, அப்படியே குளிர்பெட்டிக்குள் வைப்பது வழக்கம். வெப்பமானியின் ஊசியை நடுவில் குத்திப் பார்த்தோம். இரண்டு மணி நேரம் கழிந்தும் 46 பாகை. கெட்டியான கஸ்டர்டில் சூடு மெதுவாகத்தான் வெளியேறும். ஓரம் குளிர்ந்திருந்தாலும் நடு சூடாகவே இருக்கும். அந்த வாளி அப்படியே குப்பைக்குப் போனது. மறுநாள் அதே அளவை அகலமான தட்டுகளில் ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்பி, தட்டுகளை ஐஸ் தண்ணீரில் நிறுத்தினோம். 55 நிமிடத்தில் 21 பாகைக்கு வந்தது. அதன் பிறகே குளிர்பெட்டிக்குப் போனது.

பதிவேட்டில் ஒரு சட்டிக்கு ஒரு வரி: 60 பாகையைத் தொட்ட நேரம், ஒரு மணி நேரம் கழித்து நடுப்பகுதியின் சூடு, இரண்டாம் மணியில் சூடு, ஆறாம் மணியில் சூடு, பார்த்தவர் கையெழுத்து. ஒரு மணி நேரத்தில் 40 பாகைக்கு மேல் இருந்தால் ஐஸைக் கூட்ட வேண்டும். அது எச்சரிக்கை மட்டும். இரண்டாம் மணியில் 21-ஐத் தாண்டியிருந்தாலோ, ஆறாம் மணியில் 5-ஐத் தாண்டியிருந்தாலோ கொட்டிவிட்டு, ஏன் தவறியது என்று அதே வரியில் எழுத வேண்டும். "கொட்டுறதா? முப்பது முட்டை போகுமே" என்றார் அக்கா. கொட்டுவதா வேண்டாமா என்று இரவு ஒன்பது மணிக்கு, களைத்த நேரத்தில் முடிவெடுக்கக் கூடாது. அதனால்தான் முன்கூட்டியே தாளில் எழுதி வைக்கிறோம்.

பதிவேடு உண்மையா என்பதையும் பார்க்கத் தெரிய வேண்டும். ஒரு மாதம் முழுவதும் '4.0' என்றே இருந்தால், ஒரே பேனாவில் ஒரே அழுத்தத்தில் எழுதப்பட்டிருந்தால், அது வெப்பமானியைப் பார்த்து எழுதியது அல்ல. நிஜமான பதிவில் 3.6, 4.4, 2.9 என்று எண்கள் ஆடும். கொட்டிய நாளும் ஒன்றிரண்டு இருக்கும். வெப்பமானியையும் வாரம் ஒருமுறை நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்த குவளையில் விட்டுப் பாருங்கள். ஒரு பாகை முன்பின்னாகப் பூஜ்யம் காட்ட வேண்டும். இல்லையேல் அதில் எழுதிய எண்களை நம்ப முடியாது.

இந்தப் புள்ளியால் எல்லாமும் அடங்கிவிடாது. சல்லடைக் கம்பி அறுந்து மாவில் விழுவதை வேலைக்கு முன்னும் பின்னும் சல்லடையைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆறிய கஸ்டர்டை அடைக்கும் கை சுத்தமாக இருக்க வேண்டும். விரலில் புண் உள்ளவர் அன்று அந்த வேலையைத் தொடக் கூடாது. அடைத்த பஃப் குளிர்பெட்டியிலேயே இருக்க வேண்டும்.

திருமணத்துக்கோ பிறந்தநாளுக்கோ நூறு கிரீம் பஃப் சொல்லும்போது விலையோடு இன்னொன்றையும் கேளுங்கள்: "கஸ்டர்டை எதில் ஆற வைக்கிறீங்க?" வாளி என்று பதில் வந்தால் வேறு பலகாரம் சொல்லுங்கள்.