ஒருவழிப் பத்திரம்

திருத்தணியிலிருந்து ஒவ்வொரு தைமாதமும் மலேசியாவின் பத்துமலைக்கு யாத்திரை போகிறவர்கள் உண்டு. இங்கே 365 படி ஏறிய கால்களுக்கு அங்குள்ள 272 படிகள் பெரிதல்ல என்று சொல்லிக்கொண்டு புறப்படுகிறார்கள். அவ்வாறு போன எங்கள் தெரு அம்மையார் ஒருவரின் கைப்பையைத் தைப்பூசக் கூட்டத்தில் எவனோ அறுத்துக்கொண்டு போய்விட்டான். பணத்தைவிட அவருக்குப் பெரிய நஷ்டம் பையிலிருந்த பாஸ்போர்ட். அது போன பிறகு அவர் ஊர் வந்து சேர்ந்த விதம் பலருக்கும் பயன்படக்கூடியதாகையால், அதைச் சற்று விரிவாகவே எழுத உத்தேசித்தேன்.

பாஸ்போர்ட் களவுபோனால் நம்மவர் உடனே ஹைகமிஷனுக்கு ஓடுகிறார்கள். ஆனால் முதலில் போகவேண்டிய இடம் அந்நாட்டுப் போலீஸ் ஸ்டேஷனே. அங்கே பதிவான புகாரின் பிரதி இல்லாமல் நம் அதிகாரிகள் மனுவைக் கையிலெடுப்பதில்லை. மலேசியாவில் அந்தப் புகார் பெரும்பாலும் மலாய் மொழியிலேயே எழுதப்படுகிறது. ஆகவே, அது களவு என்பதும், பாஸ்போர்ட்டின் எண்ணும் அதில் பிழையின்றி ஏறியிருக்கின்றனவா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கையெழுத்திட வேண்டும். நம் அம்மையாருக்கு அங்கே தமிழ் பேசும் போலீஸ்காரர் ஒருவர் வாய்த்தார். "நம்பர் இல்லாம எழுதினா நாளைக்கு அவங்க திருப்பி அனுப்புவாங்கம்மா" என்று அவர் சொல்ல, இங்கிருந்த மகன் பாஸ்போர்ட்டின் முதற் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் படமெடுத்து வைத்திருந்ததை வாட்ஸப்பில் அனுப்பினார். கடைசிப் பக்கத்தைப் பலர் படமெடுப்பதே இல்லை. தாய் தந்தையர் பெயரும், விலாசமும், மனுவின் கோப்பு எண்ணும் அதில்தான் இருக்கின்றன.

உடனே ஊர் திரும்ப வேண்டியவருக்குக் கோலாலம்பூர் இந்திய ஹைகமிஷனில் தரப்படுவது புதுப் பாஸ்போர்ட் அல்ல. எமர்ஜென்சி சர்டிபிகேட் என்னும் அவசரச் சான்றிதழ். 1967ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டம் இதைப் பாஸ்போர்ட் வகைகளில் சேர்க்காமல், ஒருவர் இந்தியாவுக்குள் நுழைய அதிகாரமளிக்கும் பிரயாணப் பத்திரம் என்று தனியாக வைத்திருக்கிறது. அந்தப் பத்திரம் ஒரே ஒரு கேள்விக்குத்தான் விடை சொல்கிறது: இவர் இந்தியப் பிரஜையா? ஆம் என்றால், இவரைத் தாய்நாட்டுக்குள் விடலாம். வேறொரு தேசத்துக்கு அதை வைத்துக்கொண்டு போக முடியாது. வழியில் இன்னொரு நாட்டில் விமானம் மாறுவதும் சங்கடத்தை விளைவிக்கலாமாதலால், நேரே சென்னை வரும் விமானத்தைப் பிடிப்பதே உத்தமம். மலேசியாவிலிருந்து மற்றொரு நாட்டுக்குப் போகவேண்டியவரோ, உத்தியோகத்தின் நிமித்தம் அங்கேயே தங்க வேண்டியவரோ, தாமதத்தைப் பொறுத்துக்கொண்டு புதுப் பாஸ்போர்ட்டுக்கே மனுச் செய்ய வேண்டும்.

பிரஜை என்பதை அதிகாரி எப்படி நிச்சயம் செய்கிறார் என்பதில்தான் காலதாமதமெல்லாம் அடங்கியிருக்கிறது. பாஸ்போர்ட்டின் பிரதி இருந்தால், மனுவில் எழுதியதையும் அரசாங்கப் பதிவில் உள்ளதையும் ஒப்பிட்டுப் பார்த்து விரைவில் முடித்துவிடுகிறார்கள். பிரதியும் இல்லை, எண்ணும் ஞாபகமில்லை, பதிவில் தேடியும் அகப்படவில்லை என்றால், விஷயம் இந்தியாவுக்குப் போய், சொந்த ஊர்ப் போலீஸ் வந்து விசாரித்து, பதில் திரும்பும் வரையில் வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். எஜமானர் கையில் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்ட தொழிலாளர் பலர் இந்த நிலையில்தான் தவிக்கிறார்கள். டிக்கெட்டுக்கு வழியற்றுப் போன அத்தகையவர்களுக்கென்று 2009இல் ஏற்பட்ட இந்திய சமூக நல நிதியிலிருந்து உதவி கோரலாம் என்பதை அவர்களிடம் எடுத்துச் சொல்வார் இல்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

நம் அம்மையாருக்குத் தடை வேறொரு மூலையிலிருந்து வந்தது. மனுவில் பிறந்த இடம் என்ற கட்டத்தில் அவர் திருத்தணி, தமிழ்நாடு என்று எழுதினார். பாஸ்போர்ட்டிலோ திருத்தணி, ஆந்திரப் பிரதேசம் என்று இருந்தது. அதிகாரி இரண்டையும் அருகருகே வைத்துக்கொண்டு, "அம்மா, நீங்கள் பிறந்தது எந்த மாநிலம்?" என்று கேட்டாராம்.

"திருத்தணிதாங்க. நான் பொறந்தப்ப அது சித்தூர் ஜில்லாவுல இருந்துச்சு."

அவர் சொன்னது முற்றிலும் சரி. அவர் பிறந்தது 1958இல். ம.பொ.சி. முதலியோர் நடத்திய எல்லைப் போராட்டமும், படாஸ்கரின் தீர்ப்பும், அதற்குப் பின் வந்த சட்டமும் கூடி, திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது 1960 ஏப்ரல் 1ஆம் தேதிதான். எல்லை நகர்ந்ததே ஒழிய அவர் நகரவில்லை. ஆனாலும் மனுவும் பதிவும் ஒத்திருக்க வேண்டும் என்பது விதி. அதிகாரி பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, பாஸ்போர்ட்டில் உள்ளபடியே திருத்தி எழுதித் தரச் சொன்னார், காரியம் நடந்தது. திருத்தணிப் பகுதியில் அந்தக் காலத்தில் பிறந்து, பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போகும் முதியவர்கள் இதைக் குறித்துக்கொள்வது நல்லது. எது சரித்திர நியாயம் என்பதை அங்கே வாதிக்க வேண்டாம். எது பாஸ்போர்ட்டில் அச்சாகியிருக்கிறதோ அதையே எழுதுங்கள்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் எல்லாம் முடிந்தது என்று எண்ணி நேரே விமான நிலையத்துக்குப் போகிறவர்கள்தாம் அதிகம் ஏமாறுகிறார்கள். அது இந்தியாவுக்குள் நுழைய இந்தியா கொடுத்த அனுமதி. மலேசியாவை விட்டு வெளியேற மலேசியா கொடுக்க வேண்டிய அனுமதி தனி. அவர் அந்நாட்டுக்குள் முறைப்படி வந்தார் என்பதற்கு அடையாளமான முத்திரை களவுபோன பாஸ்போர்ட்டோடு போய்விட்டதல்லவா? இந்தியருக்கு 2023 டிசம்பர் முதல் விசாவே வேண்டாம் என்றிருப்பினும் வருகைப் பதிவு இல்லாமல் வெளியேற விடமாட்டார்கள். ஆகவே புத்ரஜெயாவிலுள்ள குடிவரவுத் தலைமையகத்துக்குப் புகார் நகல், அவசரச் சான்றிதழ், உறுதியான டிக்கெட் ஆகியவற்றோடு போய், ஸ்பெஷல் பாஸ் என்னும் சீட்டைப் பெற வேண்டும். அதற்குக் கட்டணம் 100 ரிங்கிட். தைப்பூசத்தன்று கோலாலம்பூரிலும் புத்ரஜெயாவிலும் அரசு விடுமுறை. சனி, ஞாயிறும் அதை ஒட்டி வந்தால் நாட்கள் வீணாகும். இதையெல்லாம் கணக்கிட்டுத் தேதி வைத்து டிக்கெட் எடுக்காவிட்டால், டிக்கெட் பணமும் பாழ்.

இன்னொரு முக்கியமான எச்சரிக்கை. புகார் பதிவாகி, சான்றிதழும் பெற்றபின், ஹோட்டல்காரர் ஒருவேளை பாஸ்போர்ட்டைக் கண்டெடுத்துக் கொடுத்தாலும் அதை வைத்துப் பிரயாணம் செய்யக் கூடாது. அதற்குள் அது ரத்தாகியிருக்கும். 2002 முதல் இண்டர்போல் வைத்திருக்கும் களவுபோன பிரயாணப் பத்திரங்களின் பட்டியலிலும் ஏறியிருக்கலாம். எல்லையில் அதை நீட்டுகிறவர், தம் சொந்தப் பத்திரத்தைத் திருடியவர் போல விசாரிக்கப்படுவார்.

சென்னை வந்து இறங்கியதும் குடிவரவு அதிகாரிகள் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஆதலால் விமானம் ஏறுமுன்பே அதன் இரு பக்கங்களையும் நகலெடுத்து, போலீஸ் புகாரோடு பத்திரப்படுத்த வேண்டும். புதுப் பாஸ்போர்ட்டுக்கு மனுச் செய்யும்போது இவை இரண்டும், எங்கே எப்படித் தொலைந்தது என்று விவரிக்கும் உறுதிமொழியும் கேட்கப்படும். களவுபோனதற்குப் பதிலாகப் பெறும் 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 3,000 ரூபாய். சாதாரணப் புதுப்பித்தலின் இரு மடங்கு. அம்மையாரிடம் நகல்கள் இருந்தன. மனுவில் பிறந்த மாநிலத்துக்கு இம்முறை அவர் யோசிக்கவே இல்லை. ஆந்திரப் பிரதேசம் என்றே எழுதினார். விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் தெருக்காரர்கள் இருவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.