கல்மரம் தானாக நடுங்காது

"மொபைல்ல எடுத்த ஸ்கேன்தானே, அப்படித்தான் ஆடும்." பெரம்பலூர், அரியலூர் பக்கத்து இடங்களை முப்பரிமாணத்தில் எடுத்து கேம் எஞ்சினுக்குள் கொண்டுவரும் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் பதில் இது. இதைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. ஒரு பயிற்சிப் பட்டறையில் சாத்தனூர் கல்மரத்தைத் திரையில் காட்டினார்கள். கேமரா நெருங்கியதும் மரம் வெடவெடவென்று நடுங்கியது. அருகே வைத்திருந்த அம்மோனைட், உள்ளங்கையில் அடங்கும் கடல் சங்கின் படிமம், தகடாக நசுங்கிக் கிடந்தது. நல்ல ஸ்கேனர் வாங்குங்கள் என்று தீர்ப்பு சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதே ஸ்கேன் கோப்பை மட்டும் தனியாகத் திறந்தால் சங்கின் ஒவ்வொரு வரியும் தெளிவாகத் தெரிந்தது. அதைத் திறந்து பார்க்கத்தான் யாருக்கும் பொறுமை இல்லை.

கோளாறு சங்கை வைத்த இடத்தின் எண்ணில் இருக்கிறது. நம் பகுதிக்கான வரைபடக் கோப்புகள் பெரும்பாலும் EPSG:32644 என்ற யூடிஎம் முறையில் வரும். அதில் வடக்கு எண் நிலநடுக்கோட்டிலிருந்து மீட்டர் கணக்கில் தொடங்குகிறது. அதன் பூஜ்யப் புள்ளி கன்னியாகுமரிக்குத் தெற்கே நடுக்கடலில் இருக்கிறது. கங்கைகொண்ட சோழபுரத்தின் வடக்கு எண் சுமார் 12,39,000. கிழக்கு எண் சுமார் 3,30,000. இந்த எண்களை அப்படியே எஞ்சினில் ஒட்டினால் பொருள்கள் உலக மையத்திலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் போய் நிற்கும்.

எஞ்சின்கள் இடத்தைக் குறிக்க வழக்கமாகப் பயன்படுத்தும் 32 பிட் ஃப்ளோட்டில் இலக்கங்களுக்கென்று கிடைப்பது 24 பிட் மட்டுமே. அதனால் எண் பெரிதாகப் பெரிதாக, அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு இடையிலான இடைவெளியும் பெரிதாகும். இரண்டின் ஒவ்வொரு அடுக்கைத் தாண்டும்போதும் அது இரட்டிப்பாகும். 10,48,576க்கும் 20,97,152க்கும் நடுவே அந்த இடைவெளி 12.5 சென்டிமீட்டர். இரண்டு மாவட்டங்களில் எங்கே நின்றாலும் வடக்கு எண் இந்த வரம்புக்குள்தான் விழும். கிழக்கு எண் சிறியது என்பதால் அங்கே இடைவெளி சுமார் 3.1 சென்டிமீட்டர். 10 சென்டிமீட்டர் அகலச் சங்கின் புள்ளிகள் எல்லாம் வடக்கு-தெற்காக ஒன்றோ இரண்டோ கோடுகளில் போய் ஒட்டிக்கொள்ளும். தகடு அப்படித்தான் உருவானது.

நடுக்கமும் இதே இடைவெளியிலிருந்து வருவதுதான். கேமராவும் அந்தக் கட்டங்களில்தான் தாவ முடியும். அது திரும்பும்போது ஒவ்வொரு ஃபிரேமிலும் அந்தப் பெரிய எண்கள் மறுபடி பெருக்கப்பட்டு வேறு மாதிரி வட்டமாக்கப்படும். அசையாமல் கிடக்கும் மரம் நடுங்குவதாக நம் கண்ணுக்குப் படும்.

இதைவிட வேடிக்கை நடையில் இருக்கிறது. கோயில் வாசலில் ஒரு பாத்திரத்தை நிறுத்தி வினாடிக்கு 1.4 மீட்டர் வேகத்தில் நடக்க விடுங்கள். 60 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்கு 2.3 சென்டிமீட்டர். வடக்கே போகச் சொன்னால் அது நகரவே நகராது. 12.5 சென்டிமீட்டர் இடைவெளியில் பாதிகூட இல்லாத தொகையைக் கூட்டினால் விடை பழைய எண்ணுக்கே திரும்பிவிடும். கிழக்கே போகச் சொன்னால் 2.3 என்பது 3.1ஆக வட்டமாகும், ஆள் வினாடிக்கு 1.9 மீட்டர் வேகத்தில் விரைவார். பழைய மொபைலில் 30 ஃபிரேம்தான் ஓடுகிறதா? அங்கே ஒரு ஃபிரேமுக்கு 4.7 சென்டிமீட்டர், அது 3.1ஆகக் குறையும், அதே ஆள் 0.9 மீட்டர் வேகத்தில் ஊர்ந்து போவார். ஒரே கோட், ஒரே கோயில். ஆள் கேட்ட இடத்துக்குப் போகாமல் விலகிக்கொண்டே இருப்பதற்கு இந்தக் கூட்டல்தான் காரணம். நம்பாதவர்கள் இதை ஓட்டிப் பார்க்கலாம்:

```python
import numpy as np
n = np.float32(1239300)
print(np.spacing(n))                 # 0.125
print(n + np.float32(1.4/60) == n)   # True
```

ஒரு திசையில் மட்டும் ஆட்டம் அதிகமாகவும், மையத்துக்கு நகர்த்தினால் சுத்தமாக நின்றும் போனால், ஸ்கேனரைக் குற்றம் சொல்லாதீர்கள்.

எதிர்க் கட்சியிடமும் எனக்குச் சண்டை இருக்கிறது. "மையம் அவங்க ஊர்ல, நாம விளிம்புல, அதான் நம்ம ஊர் நடுங்குது" என்று உடனே அரசியல் உருவகம் பின்னும் நண்பர்கள் அவர்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கணக்கு ஒத்துழைக்காது. லண்டனின் வடக்கு எண் சுமார் 57 லட்சம். அங்கே இடைவெளி 50 சென்டிமீட்டர், நம்மைவிட நான்கு மடங்கு மோசம். ஃப்ளோட்டுக்கு ஊர்ப் பாசம் கிடையாது. பூஜ்யத்தை எங்கே வைப்பது என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது, அதை யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை.

மூன்றாவதாக, "டபுள் போடு, முடிஞ்சது" என்பவர்கள். டபுளில் இதே இடத்தில் இடைவெளி மீட்டரில் 430 கோடியில் ஒரு பங்கு என்பது உண்மை. 2022இல் வந்த அன்ரியல் 5 உலக இடங்களை டபுளில் வைக்கிறது. ஆனால் படம் வரையும் ஜிபியு பெரும்பாலும் ஃப்ளோட்டையே வாங்குகிறது. மொபைல்களில் ஓடும் ஓபன்ஜிஎல் இஎஸ் ஷேடரில் டபுள் என்ற வகையே கிடையாது. ஆகவே எங்கோ ஓரிடத்தில் ஃப்ளோட்டுக்கு இறங்கியே ஆகவேண்டும். எந்த இடத்தில் இறங்குகிறோம் என்பதுதான் விஷயம்.

```
float a = (float)(northing - 1239000.0);   // சரி
float b = (float)northing - 1239000.0f;    // தாமதம்
```

முதல் வரி டபுளில் கழித்துவிட்டு, மிஞ்சிய சிறிய எண்ணை ஃப்ளோட் ஆக்குகிறது. இரண்டாவது வரி முதலிலேயே 12.5 சென்டிமீட்டர் கட்டத்தில் ஒட்டிவிட்டு அப்புறம் கழிக்கிறது. தொலைந்தது தொலைந்ததுதான். இரண்டு வரியும் பிழை காட்டாமல் ஓடும், கோட் படிப்பவர் கண்ணிலும் எளிதில் படாது.

பூஜ்யத்தை கோயிலுக்கே கொண்டுவந்தால் முதல் ஒரு கிலோமீட்டருக்குள் இடைவெளி 0.06 மில்லிமீட்டருக்கு மேல் போகாது. சங்குக்கு அது தாராளம். ஆனால் அங்கிருந்து நேர்கோட்டில் 60 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெரம்பலூரில் அது 4 மில்லிமீட்டர் ஆகிவிடும், கையருகே வைத்துப் பார்க்கும் பொருள் மறுபடி ஆடத் தொடங்கும். இரண்டு மாவட்டத்தையும் ஒரே வரைபடத்தில் கேட்டால் பூஜ்யம் பயணியோடு நகரவேண்டும். கேமரா ஓரிரு கிலோமீட்டர் தள்ளிப் போனதும் உலகம் முழுவதையும் பின்னால் இழுத்து, கேமராவை மறுபடி மையத்தில் வைக்கும் முறை அது. கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் விண்கலங்கள் உதறிச் சிதறியபோது அவர்களைக் காப்பாற்றியதும் இதுதான். இதற்கு ஒரு விலை உண்டு. புகைத் துகள், பாதைக் குறி, நெட்வொர்க்கில் வரும் அடுத்த ஆளின் இடம், எல்லாவற்றையும் ஒரே நொடியில் நகர்த்தியாக வேண்டும். ஒன்றை மறந்தால் அது மட்டும் கிலோமீட்டர் தள்ளி நிற்கும். நகர்த்திய தொகைகளை ஃப்ளோட்டில் கூட்டிக்கொண்டே போனால் பழைய விலகல் வேறு வழியாக வந்துவிடும். உண்மையான இடம் எப்போதும் டபுளில் இருக்கட்டும், ஃப்ளோட்டை ஒவ்வொரு முறையும் அதிலிருந்து புதிதாகக் கணக்கிடுங்கள்.

எனக்கு உண்மையான பயம் நடுக்கத்தைப் பற்றியல்ல, அது பூஜ்யத்தை நகர்த்தினால் நின்றுவிடும். யூடிஎம் எண்ணோடு ஃப்ளோட்டில் சேமித்து, மூல ஸ்கேனை அழித்துவிட்ட கோப்புகளைத்தான் பயப்படுகிறேன். அவற்றில் சங்கு தகடாகவே எழுதப்பட்டுவிட்டது. எந்த எஞ்சினும் எந்த டபுளும் அதை மீட்டுத் தராது. ஆகவே பிள்ளைகளே, சங்கை அதன் சொந்த பூஜ்யத்தைச் சுற்றியே சேமியுங்கள். அது கிடைத்த இடத்தை மூன்று டபுள் எண்களாகப் பக்கத்தில் எழுதி வையுங்கள். இரண்டையும் ஒன்றாகக் குழைத்துக் கொடுக்கச் சொல்கிறவர் யாராக இருந்தாலும், மறுத்துவிடுங்கள்.