மழையில் மிதக்கும் கார்: பழி பிரேக் மேல், குற்றம் டயர் மேல்

மழை நாளில் கார் வழுக்கி மீடியனில் ஏறினால் முதலில் திட்டு வாங்குவது பிரேக்தான். "மிதிச்சேன், பிடிக்கவே இல்லை!" என்பார்கள். பிரேக் ஒழுங்காகத்தான் பிடித்திருக்கும். ஆனால் டயர் ரோட்டைத் தொடாமல் தண்ணீர் மேல் மிதந்தால் பிரேக் என்ன செய்யும்? ஏபிஎஸ் இருந்தும் பயனில்லை. இருக்கிற பிடிமானத்தைக் காப்பாற்றுவதுதான் அதன் வேலை, இல்லாததை அது உண்டாக்காது. இதற்குப் பெயர்தான் ஹைட்ரோபிளேனிங்.

ஒரு சின்னக் கணக்கு. ரோட்டில் 3 மி.மீ. தண்ணீர் நிற்கிறது, டயரின் அகலம் 18 செ.மீ., வேகம் 80 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முன் டயரும் நொடிக்குச் சுமார் 12 லிட்டர் தண்ணீரை ஒதுக்கித் தள்ள வேண்டும், அதாவது ஒரு பக்கெட்! டயர் ரோட்டில் பதியும் நீளம் 15 செ.மீ. என்றால், அந்த இடத்தைக் கடக்க ஆகும் நேரம் ஒரு நொடியில் 150-ல் ஒரு பங்குதான். அதற்குள் தண்ணீர் வெளியேற வழி வேண்டும். அந்த வழிதான் டயரில் உள்ள பள்ளங்கள்.

புது கார் டயரில் பள்ளத்தின் ஆழம் சுமார் 8 மி.மீ. இருக்கும். அது 1.6 மி.மீ. ஆகும்வரை ஓட்டலாம் என்கிறது நம் நாட்டுச் சட்டம். 3 மி.மீ. தண்ணீருக்கு 1.6 மி.மீ. பள்ளம் எப்படிப் போதும்?

பள்ளத்தை மீறித் தண்ணீர் நின்றால் என்ன ஆகும் என்பதை நாசாவின் ஹார்ன், டிரெஹர் இருவரும் 1963-ல், விமான டயர்களை ஆராய்ந்து எழுதினார்கள். டயரின் காற்றழுத்தம் எத்தனை psi என்று பார்த்து, அதன் வர்க்கமூலத்தை 16.7-ஆல் பெருக்கினால், டயர் முழுதாக மிதக்கும் வேகம் கி.மீ.-ல் கிடைக்கும். 33 psi-க்குச் சுமார் 96 கி.மீ. காற்று குறைந்து 25 ஆகிவிட்டால் 83-தான்! இது தோராயக் கணக்குதான். பிடிமானமோ இந்த வேகத்துக்கு முன்பிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைய ஆரம்பித்துவிடும். "நம்ம வண்டி கனமான வண்டி, மிதக்காது" என்பவர்கள் கவனிக்க: இந்தச் சூத்திரத்தில் எடையே இல்லை.

ஆகவே 1.6 மி.மீ. என்பது அபராதத்துக்கான எல்லை, மழைக்கான எல்லை அல்ல. நெடுஞ்சாலையில் ஓடும் கார்கள் 3 மி.மீ.-லேயே டயரை மாற்றுவதுதான் புத்திசாலித்தனம். செலவுதான். ஆனால் அதுவரை பணம் கொடுக்காமலே ஒன்றைச் செய்யலாம்: மழையில் வேகத்தைக் குறைப்பது. தண்ணீர் டயரைத் தூக்கும் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 100-லிருந்து 70-க்கு இறங்கினாலே அது பாதியாகிவிடும்.

ஸ்டீயரிங் திடீரென்று லேசானால் வண்டி மிதக்கிறது என்று அர்த்தம். அப்போது பிரேக்கை ஓங்கி மிதிக்கவோ ஸ்டீயரிங்கை வெட்டவோ கூடாது. ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து மெதுவாகக் காலை எடுத்தால் போதும். வேகம் குறையக் குறைய டயர் மறுபடி ரோட்டைத் தொடும்.