கேள்வி பதில்: மாத்திரை நல்லதுதான், கூடப் போட்டதுதான் வம்பு

கள்ளக்குறிச்சி மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய அம்மாவுக்கு 48 வயது. கார்த்திகை மாதம் வரப்பில் புல் அறுத்துவிட்டு வந்த சில நாளில் கடும் காய்ச்சல், தலைவலி. இடுப்பில் தீக்கங்கு பட்டதுபோல ஒரு கருப்புப் பொருக்கு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதைப் பார்த்ததுமே ஸ்க்ரப் டைஃபஸ் என்று சொல்லி, டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம் மாத்திரையைக் காலை ஒன்று, இரவு ஒன்று என 7 நாளைக்குக் கொடுத்திருக்கிறார்கள். நான்காவது நாளும் காய்ச்சல் விடவில்லை. வீட்டுக்கு வந்த கிராம சுகாதார செவிலியர் எப்படிச் சாப்பிடுகிறார் என்று விசாரித்துவிட்டு, பாலையும் மற்ற மாத்திரைகளையும் பிரித்துப் போடச் சொல்லி, அன்றே மருத்துவரிடம் திருப்பி அனுப்பியிருக்கிறார். அதன்பின் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிட்டது. "முதலில் கொடுத்தது போலி மாத்திரையா, இல்லை பால்தான் காரணமா?" என்பது அவருடைய கேள்வி.

மாத்திரையைச் சந்தேகப்படுவதற்கு முன் அந்த அம்மா அதை எப்படிச் சாப்பிட்டார் என்று பார்க்க வேண்டும். காலையில், "சூட்டு மாத்திரை, வயிற்றைப் புண்ணாக்கும்" என்று ஒரு டம்ளர் பாலோடு விழுங்கியிருக்கிறார். இரவில் தயிர்ச் சோறு சாப்பிட்டுவிட்டு, ரத்தசோகைக்கான இரும்புச்சத்து மாத்திரை, முழங்கால் வலிக்காகக் கொடுத்த சுண்ணாம்புச்சத்து மாத்திரை, டாக்ஸிசைக்ளின் மூன்றையும் உள்ளங்கையில் வைத்து ஒரே வாயில் போட்டிருக்கிறார். மறந்துபோகக் கூடாது என்பதற்காகச் செய்ததுதான். நம் வீடுகளில் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது.

இதில் என்ன கெட்டுப்போகிறது என்பதை விவசாயிக்கு விளக்குவது சுலபம். துத்தநாக சல்பேட்டை டிஏபியோடு கலந்து போடாதீர்கள், தனியாக மணலில் கலந்து தூவுங்கள் என்று சொல்வது ஏன்? துத்தநாகமும் பாஸ்பேட்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கரையாத பொருளாகிவிடும். உரம் வயலில்தான் கிடக்கும், வேருக்குக் கிடைக்காது. டாக்ஸிசைக்ளினும் அப்படித்தான். இரும்பு, சுண்ணாம்புச்சத்து, மக்னீசியம், அலுமினியம் எது குடலில் எதிர்ப்பட்டாலும் இறுகப் பிடித்துக்கொள்ளும். அப்படிச் சேர்ந்தது குடல் சுவரைத் தாண்டி ரத்தத்துக்குள் போவதில்லை, மலத்தோடு வெளியேறிவிடும். மருந்து மட்டுமா வீண்? கூடப் போட்ட இரும்புச்சத்தும் வீண்தான்.

எல்லாம் ஒரே அளவில் கெடுப்பதும் இல்லை. ஒரு டம்ளர் பால் டாக்ஸிசைக்ளினில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைக் குறைக்கும். அதனால் காலை வேளை மருந்து பெரும்பாலும் உள்ளே போயிருக்கும். இரும்புச்சத்து மாத்திரை அப்படியல்ல, மருந்தின் பெரும்பகுதியை அது பிடித்துவிடும். அந்த அம்மாவுக்கு இரவு வேளை மருந்து பேருக்குத்தான் இருந்திருக்கிறது. எனவே பால் சின்னக் காரணம், இரும்பு பெரிய காரணம் என்று சொல்லலாம். இது மட்டும்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் போலி மாத்திரை என்று முடிவுகட்ட வேண்டியதும் இல்லை. வழக்கமாக ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல் டாக்ஸிசைக்ளின் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் இறங்கத் தொடங்கும். இறங்கவில்லை என்றால் அதுவே எச்சரிக்கை. வீட்டிலேயே இரண்டு இரண்டாகப் போட்டுப் பார்க்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். மூச்சுத் திணறல், கண் மஞ்சளாவது, பேச்சு குழறுவது இருந்தால் 48 மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

இரும்புச்சத்து விஷயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. ரத்தத்தில் சேர்ந்த டாக்ஸிசைக்ளினில் ஒரு பகுதி பித்தநீர் வழியாக மறுபடி குடலுக்கு வந்து, மறுபடி உறிஞ்சப்படும். அந்த நேரத்தில் குடலில் இரும்பு இருந்தால் அப்போதும் பிடித்துக்கொள்ளும். சில மணி நேரம் தள்ளிப் போட்டாலும் கொஞ்சம் இழப்பு இருக்கும் என்பது இதனால்தான். ரத்தசோகை மாத்திரை மாதக்கணக்கில் சாப்பிடுவது, இந்த மருந்தோ 7 நாள்தான். ஆகவே அந்த ஒரு வாரம் இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தி வைக்கலாமா என்று மருத்துவரைக் கேட்பதே நல்ல வழி. கர்ப்பிணிகள் மட்டும் தாங்களாக எதையும் நிறுத்தக் கூடாது. கர்ப்பம் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டால் மருத்துவர் வேறு மருந்து கொடுப்பார்.

அப்படிக் கேட்டு இரும்பை நிறுத்தியபின் அந்த அம்மாவின் நாள் இப்படி அமையலாம். காலை ஏழரை மணிக்கு நாலு இட்லியும் சட்னியும் சாப்பிட்டுவிட்டு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு முதல் மாத்திரை. டாக்ஸிசைக்ளினுக்கு வெறும் வயிறு தேவையில்லை. சாப்பிட்டபின் போட்டால் குமட்டல் குறையும், பாலின் துணை வேண்டியதில்லை. பாலோ, பால் சேர்த்த டீயோ பத்து மணிக்கு மேல் குடிக்கலாம். சுண்ணாம்புச்சத்து மாத்திரை, தயிர், மோர் விட்ட கேழ்வரகுக் கூழ் எல்லாம் மதியம் ஒரு மணிக்கு. கேழ்வரகிலும் சுண்ணாம்புச்சத்து அதிகம் என்பதால் அதையும் மதியத்துக்குத் தள்ளுவது நல்லது. இரவு ஏழரைக்கு ரசம் சோறு, பிறகு தண்ணீரோடு இரண்டாவது மாத்திரை. சுண்ணாம்பு மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஐந்து ஆறு மணி நேரம் கிடைத்துவிடுகிறது. மாத்திரை போட்ட கையோடு பாயில் சாயாமல் அரை மணி நேரமாவது உட்கார்ந்திருக்க வேண்டும். இது உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அங்கேயே புண்ணாகும், அப்புறம் எச்சில் விழுங்கவே வலிக்கும்.

வயிறு எரிகிறது என்று பெட்டிக்கடையில் வாங்கிச் சப்பும் கேஸ் மாத்திரையும், குடிக்கும் ரோஸ் நிற டானிக்கும் இதே வம்புதான் செய்யும். அவற்றில் பெரும்பாலும் அலுமினியமும் மக்னீசியமும்தான் இருக்கின்றன. எரிச்சல் தாங்கவில்லை என்றால் அதையும் மதிய வேளைக்குத் தள்ள வேண்டும். இன்னொன்று, டாக்ஸிசைக்ளின் சாப்பிடும் நாட்களில் வெயில் தோலைச் சீக்கிரம் கருக்கிவிடும். களை எடுக்கப் போகிறவர்கள் முழுக்கைச் சட்டையும் தலைத்துண்டும் இல்லாமல் போகக் கூடாது. காய்ச்சல்காரர் அந்த வாரம் வயலுக்குப் போகாமல் இருப்பதே மேல், ஆனால் நாற்று நடவு நாளில் யார் கேட்கிறார்கள்!

எல்லா ஆன்டிபயாடிக் மாத்திரைக்கும் பாலைத் தள்ளி வைக்க வேண்டுமா என்றால், இல்லை. குழந்தைகளுக்கு அடிக்கடி கொடுக்கும் அமாக்சிசிலினுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அட்டையில் மருந்தின் பெயர் "சைக்ளின்" என்றோ "ஃப்ளாக்சசின்" என்றோ முடிந்தால் கவனம் வேண்டும். நீர்க்கடுப்புக்குக் கொடுக்கும் சிப்ரோஃப்ளாக்சசினை வெறும் பாலோடு விழுங்கினால் மூன்றில் ஒரு பங்கு போல வீணாகும். இரும்பு, சுண்ணாம்புச்சத்து மாத்திரைகளுக்கு 2 மணி நேரம் முன்னதாகவோ, 6 மணி நேரம் கழித்தோதான் அதைச் சாப்பிட வேண்டும்.

வாசகரின் அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டாலும், மருத்துவர் புதிதாக எழுதிக்கொடுத்த நாள் கணக்கு முடியும்வரை மாத்திரையை விடக் கூடாது. கடைசி மாத்திரை முடிந்த மறுநாளிலிருந்து இரும்புச்சத்து மாத்திரையை வழக்கம்போலத் தொடங்கலாம். அதை மட்டும் டீயோடும், சுண்ணாம்புச்சத்து மாத்திரையோடும் சேர்க்காமல் தனியாகத் தண்ணீரில் போடச் சொல்லுங்கள்.