பாமினி ஃபைலை யூனிகோடுக்கு மாற்றும்போது பத்திகள் ஏன் கலைகின்றன?

பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்பது உண்மையில் `jkpo;` என்ற ஆங்கில எழுத்துகள்தான். எழுத்துருதான் அதைத் தமிழாகக் காட்டுகிறது. கன்வெர்ட்டர் அவற்றை யூனிகோடு எழுத்துகளாக மாற்றித் தருகிறது.

சிக்கல் வரிகளில்தான். பழைய ஃபைல்கள் பலவற்றில் ஒவ்வொரு வரி முடிவிலும் என்டர் தட்டியிருப்பார்கள். பத்திகளுக்கு நடுவே ஒரு காலி வரி இருக்கும். எல்லா என்டரையும் நீக்கினால் பத்திகளும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும்.

அதற்காக, காலி வரி இருக்கும் இடத்தில் `###` என்று அடையாளம் வைப்பது வழக்கம். ஆனா, அதை மாற்றத்துக்கு முன்பே வைத்தால் மாட்டிக்கொள்வோம். பாமினியில் `#` என்பது ‘சூ’. கன்வெர்ட் செய்ததும் பத்திக்குப் பத்தி ‘சூசூசூ’ என்று வந்து நிற்கும்.

எனவே முதலில் வரிகளைத் தொடாமல் அப்படியே யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். பிறகு வேர்டின் ரீப்ளேஸ் வசதியில் மூன்று படிகள்:

1. `^p^p` என்பதை `###` ஆக்குங்கள்.
2. `^p` என்பதை ஒரு இடைவெளி ஆக்குங்கள்.
3. `###` என்பதை மீண்டும் `^p^p` ஆக்குங்கள்.

கவிதை, முகவரி, அட்டவணை இருந்தால் அவற்றைத் தனியே எடுத்துவைத்துவிடுங்கள். அங்கே வரி முறிவும் உள்ளடக்கம்தான். கடைசியாக, பழைய ஃபைலிலும் புதியதிலும் பத்திகளை எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை குறைந்தால் எங்கோ இரண்டு பத்திகள் ஒட்டிவிட்டன என்று அர்த்தம்.