எச்சரிக்கை மட்டும் போதுமா?

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் கோடை விழா! மேடையிலே ஆட்டம் பாட்டம். வண்ண விளக்குகள் பளிச் பளிச்சென்று மின்னுகின்றன. அதை ஓர் இளைஞர் செல்போனில் படம் பிடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பாட்டின் தாளத்துக்கு ஏற்ப வெள்ளை வெட்டுகளையும் சேர்த்து, இரவே ஊருக்கெல்லாம் அனுப்பிவிடுகிறார்.

அந்த வெட்டொளி ஒரு குழந்தைக்கு வலிப்பை வரவழைக்கலாம்!

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 1997 டிசம்பர் 16-ந் தேதி ஜப்பான் டெலிவிஷனில் 'போக்கிமான்' கார்ட்டூன் படம் ஓடியது. ஒரு காட்சியில் சிவப்பும் நீலமும் வினாடிக்கு 12 தடவை மாறி மாறி மின்னின. அன்று மட்டும் 685 பேர் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். பெரும்பாலோர் சிறுவர் சிறுமியர். அவர்களில் பலருக்கு அதற்கு முன் வலிப்பே வந்ததில்லை.

ஆகவே, "வலிப்பு உள்ளவர்கள் பார்க்க வேண்டாம்" என்று எழுதிப் போட்டால் மட்டும் போதாது. தனக்கு இந்தக் குறை உண்டு என்றே தெரியாதவர் எப்படி விலகுவார்? படத்தை வெளியிடுகிறவர்தான் முன்கூட்டியே சோதிக்க வேண்டும்.

எப்படிச் சோதிப்பது?

எந்த ஒரு வினாடியிலும் 3 வெட்டுக்கு மேல் கூடாது. இதுதான் விதி. வெளிச்சம் ஏறி இறங்கினால் ஒரு வெட்டு. திரையில் கால் பங்குக்கு மேல் மின்னினால் ஆபத்து அதிகம்.

இளைஞரின் படம் வினாடிக்கு 30 பிரேம் ஓடுகிறது. எடிட்டிங் திரையில் ஒவ்வொரு பிரேமாக நகர்த்திப் பார்க்கிறார். 3 பிரேம் வெள்ளை, 3 பிரேம் இருட்டு. ஆக, 6 பிரேமுக்கு ஒரு வெட்டு. 30-ஐ 6-ஆல் வகுத்தால் 5. வினாடிக்கு 5 வெட்டு! இது கூடாது. 15 பிரேமுக்கு ஒரு வெட்டு என்று நீட்டினால், வினாடிக்கு 2 ஆகிவிடும். வெள்ளையை மங்கலாக்கி, மின்னும் இடத்தையும் சுருக்கினால் இன்னும் நல்லது.

இந்தச் சோதனையைக் கடைசியில் செய்ய வேண்டும். வினாடிக்கு 3 வெட்டு உள்ள படத்தை இரண்டு மடங்கு வேகமாக ஓட்டினால், அது 6 ஆகிவிடுமே!

எண்ணச் சிரமமானால் கருவி உண்டு. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற விளையாட்டு நிறுவனம் 2023-ல் 'ஐரிஸ்' என்ற சோதனைக் கருவியை இலவசமாக வெளியிட்டது. படத்தைக் கொடுத்தால் எந்த இடத்தில் வரம்பு மீறுகிறது என்று காட்டும். ஆனால் கருவி 'சரி' என்றாலும் எவருக்கும் வலிப்பு வராது என்று உத்தரவாதம் இல்லை. அடர்ந்த சிவப்பு வெட்டும், ஆடும் கறுப்பு வெள்ளைக் கோடுகளும் சிலருக்கு ஆகவே ஆகாது. அவற்றையும் நீக்க வேண்டும்.

பார்க்கிறவருக்கும் ஒரு வார்த்தை: திரை மின்னும்போது தலை சுற்றுவது போலிருந்தால் இரு கண்களையும் மூடிக்கொள்ளாதீர்கள். இமை வழியாகவும் வெளிச்சம் புகும். ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுவதும் பொத்தி, முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

வெள்ளை வெட்டு இல்லாமலும் விழாப் படம் அழகாகத்தான் இருக்கும். அனுப்பு பொத்தானை அழுத்துமுன் ஐந்து நிமிடம் எண்ணிப் பார்ப்பது, எடுத்தவரின் கடமை!