அடுத்த ரவுண்ட் யாருடையது?

பிரிட்டனுக்குப் படிக்கவோ வேலைக்கோ போகும் நம் பிள்ளைகள் சீக்கிரமே சந்திக்கிற வழக்கம் ஒன்று உண்டு. பப்பில் ஐந்து பேர் சேர்ந்து உட்கார்ந்தால் அவரவர்க்கு அவரவர் வாங்குவதில்லை. ஒருவர் கவுன்டருக்குப் போய் ஐவருக்கும் வாங்கி வருவார். அது தீர்ந்ததும் அடுத்தவர் எழுவார். இதற்கு ரவுண்ட் என்று பெயர். கேட்டால், "இது தாராள மனசு. யாரும் யாரையும் வற்புறுத்துவதில்லை. எவ்வளவு குடிப்பது என்பது அவரவர் முடிவு" என்பார்கள். முதல் இரண்டு வாக்கியங்களை ஒப்புக்கொள்ளலாம். மூன்றாவது பொய்.

இரண்டு பைன்ட் பியரோடு எழுந்துவிடலாம் என்று எண்ணி ஆறு மணிக்கு உட்கார்ந்தவரைப் பாருங்கள். இரண்டு ரவுண்ட் முடிந்துவிட்டது. அவர் இன்னும் வாங்கவில்லை. இப்போது எழுந்தால் ஓசியில் குடித்துவிட்டு ஓடியவர். முன்பே வாங்கியிருந்தாலோ, ஐந்து கோப்பைக்குக் காசு கொடுத்து இரண்டைக் குடித்த நஷ்டம் உறுத்தும். இரண்டு பக்கமும் வழி அடைபடுகிறது. ஐந்து பேரின் முறையும் முடிந்தால்தான் கணக்கு நேராகும். அதனால் ஆளுக்கு ஐந்து பைன்ட். அளவைத் தீர்மானித்தது மேசையில் இருந்த தலைகளின் எண்ணிக்கை. வற்புறுத்த அங்கே யாரும் தேவைப்படவில்லை.

ஒரு பைன்ட் 568 மில்லி. நான்கு சதவீத பியர் என்றால் அதில் சுமார் 2.3 யூனிட் ஆல்கஹால் இருக்கும். பத்து மில்லி தூய ஆல்கஹால் ஒரு யூனிட். ஐந்து பைன்ட் குடித்தால் சுமார் 11.5 யூனிட். வாரம் முழுவதற்குமே 14 யூனிட்டைத் தாண்டாதீர்கள், அதையும் குறைந்தது மூன்று நாளில் பிரித்துக் குடியுங்கள் என்பது பிரிட்டிஷ் மருத்துவ அறிவுரை. உடல் மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட்டைத்தான் கழிக்கும். மறுநாள் விடியற்காலையிலும் அவர் உடலில் மது மிச்சமிருக்கலாம். ஐந்து மணிக்குக் கார் எடுக்க வேண்டியவர் இதை நினைக்க வேண்டும்.

வேகமும் அவர் கையில் இல்லை. கூட்டத்தில் எவர் முதலில் கோப்பையைக் காலி செய்கிறாரோ, அவரே அடுத்த ரவுண்டுக்கு மணி அடிப்பவர். மெதுவாகக் குடிப்பவர் முன்னால் பாதிக் கோப்பை இருக்கும்போதே இன்னொன்று வந்து நிற்கும். வாங்கப் போகிறவர் கேட்பதைக் கவனியுங்கள்: "உனக்கு அதேதானே?" வேண்டுமா, வேண்டாமா என்ற கேள்வி அந்த மேசையில் எழுவதே இல்லை.

இது என் கற்பனை அல்ல. முதல் உலகப் போரின்போது, 1915-இல், பிரிட்டிஷ் அரசு ஒருவர் இன்னொருவருக்கு மது வாங்கித் தருவதையே பல பகுதிகளில் தடை செய்தது. லண்டனில் அந்த ஆண்டு அக்டோபரில் தடை வந்தது. மீறினால் நூறு பவுண்டு வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை. சாப்பாட்டோடு வாங்கித் தருவதற்கு மட்டும் விலக்கு. அந்த ஆண்டுகளில் குடி குறைந்தது. கடை நேரம் சுருங்கியதும் பியரின் வீரியம் குறைக்கப்பட்டதும் சேர்ந்த பலன் அது. இந்தத் தடையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் ரவுண்ட் முறை குடியைக் கூட்டுகிறது என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

தப்பிக்கும் வேளை முதல் கோப்பைக்கு முன்னால்தான். "நான் இன்றைக்கு என்னுடையதை நானே வாங்கிக்கிறேன், சீக்கிரம் கிளம்பணும்" என்று உட்காரும்போதே சொல்லிவிட்டால் ஒருவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மூன்றாவது ரவுண்டில் சொன்னால்தான் அது மனஸ்தாபம். பெரிய கூட்டமானால் உங்களைப் போலவே மெதுவாகக் குடிக்கிற இன்னொருவரோடு இருவர் ரவுண்டாகப் பிரிந்துகொள்ளுங்கள். கடன் இரண்டு கோப்பையில் தீர்ந்துவிடும். எல்லோரும் முன்கூட்டியே ஆளுக்கு இருபது பவுண்டு போட்டுப் பொதுப்பணம் சேர்க்கும் ஏற்பாட்டுக்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். கொடுத்த காசுக்குக் குடித்துவிட வேண்டும் என்ற எண்ணம் அதில் இன்னும் அதிகம்.

ரவுண்டில் இருந்தே ஆகவேண்டுமானால், திருப்ப வேண்டியது பணம்தான், மது அல்ல என்று பிரித்துப் பாருங்கள். உங்கள் முறை வரும்போது எல்லோருக்கும் வாங்குங்கள். உங்களுக்கு மட்டும் எலுமிச்சைச் சாறு கலந்த சோடாவோ ஆல்கஹால் இல்லாத பியரோ எடுத்து வாருங்கள். கவுன்டரில் நிற்பவர் நீங்கள்தான், ஒருவரும் விசாரிக்கப்போவதில்லை. பிறர் வாங்கும்போது அரை பைன்ட் கேளுங்கள். அது 284 மில்லி, எந்தப் பப்பிலும் கிடைக்கும். கையிலிருப்பது தீரும்வரை அடுத்ததைத் தொடாதீர்கள். "இந்த முறை என்னை விட்டுவிடு" என்பது அங்கே சாதாரணமாகப் புழங்கும் பேச்சுதான்.

இவையெல்லாம் கூட்டத்தால் அளவு மீறுகிறவருக்கான வழிகள். தனியே இருக்கும்போதும் நிறுத்த முடியாதவருக்கும், குடிக்காத காலையில் கை நடுங்குகிறவருக்கும் இவை உதவா. திடீரென நிறுத்துவதே அவர்களுக்கு ஆபத்தாகலாம் என்பதால் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.